வானவில் ஸ்டிக்கர் மாதிரி தெரியாமல் இருக்க

"தென்காசிப் பக்கம் ஜூலையில், காலை 7.40 வாக்கில், வயலும் குற்றால மலையும் சேர்ந்து வர போனில் ஒரு படம் எடுத்தேன். மலை மேல் கருமேகம், வயலில் நல்ல வெயில். போட்டோஷாப்பில் வானவில் சேர்த்தால் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியே இருக்கு. ஸ்கிரீன் மோடும் போட்டுப் பார்த்துட்டேன். எங்கே தப்பு?"

ஸ்கிரீன் மோடில் தப்பு இருக்காது. காலண்டருக்கும் ஆல்பத்துக்கும் படம் திருத்துவதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரி வேலையில் முதலில் உதைப்பது எப்போதும் இடமும் அளவும்தான், கலப்பது அதற்கு அப்புறம். வானவில் என்பது மலைக்கும் வயலுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும் ஒரு பொருள் இல்லை. சூரியனுக்கு நேர் எதிரே உள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்து, அதைச் சுற்றி ஏறக்குறைய 42 டிகிரி தள்ளி சிவப்பும், 40 டிகிரிக்குச் சற்று மேலே ஊதாவும் தெரியும். அவ்வளவுதான் விஷயம். அதனால் வில்லின் மையம் இடமா வலமா, உச்சி எவ்வளவு உயரம், வில் எவ்வளவு பெரிது என்ற மூன்றையும் நீங்கள் எடுத்த படமே முடிவு செய்துவிட்டது. அழகாக இருக்கும் என்று நாம் ஓரமாக நகர்த்தி வைத்த வில்லைப் பார்ப்பவருக்கு, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், எங்கேயோ இடிக்கும்.

மையத்தைக் கண்டுபிடிக்க உங்கள் படத்திலேயே வழி இருக்கிறது. வயல் ஓரத்தில் வேலிக்கல்லோ மின்கம்பமோ பனையோ நிற்கும் இல்லையா, நேராக நிற்கும் இரண்டை எடுத்துக்கொண்டு அவற்றின் தரை நிழல்களை ஒரு புது லேயரில் கோடாக நீட்டிப் பாருங்கள். தரை சமமாக இருந்தால் இரண்டு கோடும் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும், வில்லின் மையம் அதற்கு நேர் கீழே. இங்கே தொடுவானம் என்று நான் சொல்வது மலையின் விளிம்பை அல்ல. கேமராவின் கண் மட்டம்தான் அது, மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். கேமராவைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து எடுத்திருந்தால் அது படத்தின் உயரத்தில் சரிபாதியில் ஓடும். சமதரையில் உங்கள் உயரமுள்ள ஆட்கள் யாராவது தூரத்தில் நின்றால் அவர்கள் கண்ணை ஒட்டியே அந்தக் கோடு போகும், அதை வைத்தும் சரிபார்க்கலாம்.

இன்னொரு கோடும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கம்பத்தின் உச்சியிலிருந்து அதே கம்பத்தின் நிழல் நுனி வரை ஒரு கோடு போட்டு அதையும் கீழே நீட்டுங்கள். இரண்டு மூன்று கம்பத்துக்கு இப்படிச் செய்தால் அவையும் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளிதான் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளி. படம் எடுத்தவரின் நிழல் படத்தில் விழுந்திருந்தால் அவர் தலையின் நிழல், சரியாகச் சொன்னால் கேமராவின் நிழல், அங்கேதான் இருக்கும். நிழல்கள் உங்களை விட்டு விலகி மலையை நோக்கிப் போனால் படத்தில் வானவில்லுக்கு இடம் உண்டு. பக்கவாட்டில் கிடந்தால் வில்லின் ஒரு கால் மட்டும் ஓரமாக எட்டிப் பார்க்கும், சில சமயம் அதுவும் இருக்காது. நிழல் கேமராவை நோக்கி வந்தால் சூரியன் எதிரே நிற்கிறது என்று அர்த்தம், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

உயரம் சூரியனின் ஏற்றத்தைப் பொறுத்தது. சூரியன் தொடுவானத்துக்கு எத்தனை டிகிரி மேலே இருக்கிறதோ அத்தனை டிகிரி கீழே எதிர்ப்புள்ளி இறங்கிவிடும், ஆகவே வில்லின் உச்சி 42-இல் அதைக் கழித்தால் வரும் உயரம். தென்காசியில் ஜூலை நடுவில் காலை 7.40-க்குச் சூரியன் சுமார் 20 டிகிரியில் இருக்கும், கிழக்குக்குச் சற்று வடக்கே. அப்படியானால் வில்லின் உச்சி 22 டிகிரியில், நடு திசை மேற்குக்குச் சற்றுத் தெற்கே. தென்காசியிலிருந்து குற்றால மலை ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். சாரல் மலையில், வெயில் வயலில், நேரம் காலை என்று எல்லாம் பொருந்தி வருகிறது, நல்ல படத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். இதே இடத்தில் இதே மாதத்தில் 9.15-ஐத் தாண்டிவிட்டால் சூரியன் 42 டிகிரிக்கு மேலே போய்விடும், சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் வானவில் தெரியவே தெரியாது. உயரமான இடத்திலிருந்து கீழே பார்த்தால் தெரியலாம், அது வேறு கதை. மணி தெரியாத பழைய படம் என்றால் கம்பத்தின் நிழலைப் பாருங்கள். நிழல் கம்பத்தின் உயரத்தைப் போல 1.1 மடங்குக்குக் குறைவாக இருந்தால் சூரியன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. 20 டிகிரிக்கு நிழல் 2.7 மடங்கு நீளும். மற்ற ஊர், மற்ற மாதங்களுக்கு Stellarium என்ற வானியல் மென்பொருளில் இடமும் நேரமும் கொடுத்தால் சூரியனின் உயரத்தைச் சொல்லிவிடும்.

இனி இந்த டிகிரியைப் பிக்சலாக மாற்ற வேண்டும். போனின் மெயின் கேமரா, 35 மி.மீ. கணக்கில் 26 மி.மீ., படம் 4000 × 3000, கேமரா மட்டமாக, நிழல்கள் சந்திப்பது ஏறக்குறைய படத்தின் நடுவில் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் படத்தின் விவரத்தில் Focal length in 35mm என்று ஒரு எண் இருக்கும், அது வேறாக இருந்தால் 26-க்குப் பதில் அதைப் போடுங்கள். 5000 என்பது படத்தின் மூலைவிட்டம், 43.3 என்பது 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் மூலைவிட்டம்.

```
f = 5000 × 26 / 43.3                  ≈ 3000
s = f × tan(42 − 20)                  ≈ 1210
a = f × tan(acos(cos 42 / cos 20))    ≈ 2320
R = (a² + s²) / (2 × s)               ≈ 2830
```

f என்பது லென்ஸின் குவியத் தூரம், பிக்சல் கணக்கில். s என்பது தொடுவானத்திலிருந்து வில்லின் உச்சி வரை உயரம். a என்பது நடுவிலிருந்து வில் தொடுவானத்தைத் தொடும் இடம் வரை பக்கவாட்டுத் தூரம். R இந்த மூன்று புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் ஆரம். வட்டத்தின் மையம் தொடுவானத்துக்கு 2830 − 1210, அதாவது 1620 பிக்சல் கீழே வருகிறது. சற்று முன் கம்ப உச்சிக் கோடுகளால் கண்டுபிடித்த எதிர்ப்புள்ளி சுமார் 1090 பிக்சல் கீழேதான் இருக்கும், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குழம்ப வேண்டாம். அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுப்பதால் வில் படத்தில் சுத்த வட்டமாக விழாது, சற்று நீண்ட வளைவாக விழும். அந்த வளைவுக்கு ஒட்டிப் பொருந்தும் வட்டத்தின் மையம் கொஞ்சம் கீழே தள்ளிப் போகிறது. இந்த அளவில் வட்டத்துக்கும் உண்மை வளைவுக்கும் நடுவே வித்தியாசம் பத்துப் பிக்சல் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவை நிறைய மேலே சாய்த்திருந்தாலோ, நிழல் சந்திக்கும் புள்ளி படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டாலோ இந்தக் குறுக்கு வழி பிசகும்.

இந்த எண்களைப் பார்த்ததுமே உங்கள் படத்தில் நடந்தது என்ன என்று ஊகிக்கலாம். a 2320, படத்தின் பாதி அகலமோ 2000. ஆகவே வில்லின் இரண்டு காலும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஓரத்தில் வெட்டுப்படும்போது வில் தொடுவானத்துக்கு 370 பிக்சல் மேலே இருக்கும். ஸ்டாக் படத்திலிருந்து எடுத்த முழு வில்லை மலைக்கு மேல் அடக்கமாக உட்கார வைத்தால் அது உண்மையில் இருக்க வேண்டியதைவிடப் பாதியளவுதான் இருக்கும், ஸ்டிக்கர் போலத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுவே. அரைவட்டம் முழுதாக ஒரே சட்டத்தில் வர ஃபுல் ஃபிரேமில் 20 மி.மீ. அல்லது அதைவிட அகன்ற லென்ஸ் வேண்டும். ஜூம் செய்து எடுத்த படத்தில் முழு அரைவட்டமும் இருந்தால் அது ஒட்டு வேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

சரி, இப்போது வில்லைச் செய்வோம். படத்தின் உள்ளேயே கிரேடியன்ட் இழுக்க முடியாது, மையம் படத்துக்கு வெளியே இருக்கிறது. தனியாக 6000 × 6000 பிக்சலில் ஒரு புது கோப்பு திறங்கள், 16 பிட், உங்கள் படத்தின் அதே கலர் புரொபைல். கிரேடியன்ட் வகையில் Radial தேர்ந்தெடுத்து, சரியாக 3000, 3000 என்ற நடுப்புள்ளியிலிருந்து வலது விளிம்பு வரை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு இழுங்கள். அப்போது கிரேடியன்ட்டின் 0 மையத்தில், 100 விளிம்பில். சிவப்பை 94-இல் வைத்தால் ஆரம் 2820 பிக்சல், நமக்கு வேண்டியதற்கு மிக அருகில். பட்டையின் அகலம் வெறும் 2 டிகிரி சொச்சம்தான், அதாவது ஆரத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தயாராகக் கிடைக்கும் வானவில் கிரேடியன்ட்களை அப்படியே இழுத்தால் இதைப் போல மூன்று நான்கு மடங்கு தடியாக வந்துவிடும்.

நிறங்களை உள்ளிருந்து வெளியே இப்படி வைக்கிறேன். 90-இல் ஊதா (50, 30, 90), 91-இல் நீலம் (30, 70, 110), 92-இல் பச்சை (50, 110, 50), 93-இல் மஞ்சள் (130, 110, 30), 94-இல் சிவப்பு (140, 40, 20), 95-இல் சுத்தக் கறுப்பு, அங்கிருந்து விளிம்பு வரை கறுப்பே. சிவப்பு வெளியே, ஊதா உள்ளே, இதை மாற்றி வைத்த காலண்டர்கள் ஏராளம். வில்லின் உட்புறத்தைக் கறுப்பாக விடாதீர்கள், 88-இல் (25, 25, 25), மையத்தில் (10, 10, 10) என்று மங்கலான சாம்பல் வையுங்கள். நிஜ வானவில்லில் உட்பக்க வானம் வெளிப்பக்கத்தைவிட வெளிச்சமாக இருக்கும், 42 டிகிரிக்கு உள்ளேயும் துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அதற்குச் சற்று வெளியே அனுப்புவதில்லை. நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இந்த உள்வெளிச்சம் இருந்தால் கண் நம்பிவிடும். நான் கொடுத்த நிற எண்கள் என் கைப்பழக்கம், அளந்து எடுத்தவை அல்ல. ஒழுங்கும் உள்வெளிச்சமும் உறுதி, எண்ணை உங்கள் கண்ணுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கிப் படத்துக்குள் இழுத்து வாருங்கள். ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் மேலே உள்ள பட்டையில் நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்து X 2000, Y 3120 என்று அடித்தால் போதும் (தொடுவானம் 1500, அதற்குக் கீழே 1620). உச்சி படத்தின் மேல்விளிம்பிலிருந்து 300 பிக்சல் கீழே வந்து நிற்கும். நிழல் சந்திப்பு நடுவில் இல்லாமல் இருநூறு முந்நூறு பிக்சல் தள்ளியிருந்தால் X-ஐ அதற்குத் தக்கபடி மாற்றுங்கள்.

இப்போது லேயரை ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். கறுப்பு முழுக்க மறைந்து வில் மட்டும் நிற்கும், எதையும் வெட்டி எடுக்க வேண்டிய வேலையே இல்லை. ஸ்கிரீன் செய்வது எளிய கணக்கு. இரண்டு லேயரையும் 255-இலிருந்து கழித்து, பெருக்கி, 255-ஆல் வகுத்து, அதையும் 255-இலிருந்து கழிக்கிறது. கருமேகத்தில் சிவப்புச் சேனல் 90 என்று வைத்தால், நம் சிவப்புப் பட்டையின் 140 அதன் மேல் விழும்போது 181 ஆகிறது, 91 ஏறுகிறது. வெள்ளை மேகத்தில் 220 இருக்கும் இடத்தில் அதே பட்டை 239 வரைதான் கொண்டுபோகும், 19 மட்டுமே ஏற்றம். வெள்ளை மேகத்தின் மேல் வில் கரைந்து போவதைப் பார்த்துச் சிலர் நார்மல் மோடுக்கு மாற்றி அழுத்தம் கூட்டுகிறார்கள், ஸ்டிக்கர் பிறப்பது அங்கேதான். வானவில் பின்னணியின் மேல் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், எதையும் இருட்டாக்க முடியாது. வெள்ளை மேகத்தில் அது மங்குவதுதான் நியாயம். கண்டிப்பாகச் சொல்லப்போனால் ஒளி கூடுவது ஸ்கிரீன் கணக்குப்படி அல்ல, நேர்க்கூட்டல்தான். ஆனால் சாதாரணமாகச் சேமித்த படத்தில் நேர்க்கூட்டல் போட்டால் வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப் போகின்றன, ஸ்கிரீன் மெதுவாக அடங்குவதால் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. GIMP-இல் செய்பவர்களுக்கும் இதே பெயரில் இதே மோடு உண்டு.

ஓபாசிட்டியை 40-க்குப் பக்கத்தில் தொடங்குங்கள். முதலில் போதாதது போலத் தோன்றும், ஐந்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பாருங்கள், பெரும்பாலும் இன்னும் குறைக்கத்தான் தோன்றும். காஸியன் பிளர் 10 முதல் 15 பிக்சல் கொடுங்கள். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலத் தட்டாக இருப்பதால் நிறங்கள் ஒன்றோடு ஒன்று வழிந்தே தெரியும், கோடு பிரித்த மாதிரி ஏழு பட்டை வானத்தில் கிடையாது. அதிலும் உங்கள் ஊர்ச் சாரல் பொடித் தூறல். துளி சிறிதாக ஆக ஆக நிறம் வெளிறும், பனிமூட்டத் துளி அளவுக்குப் போனால் வில்லே வெள்ளையாகிவிடும். ஆகவே கோடைமழை வானவில்லின் அடர்த்தியை இந்தப் படத்தில் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. அன்று மலையில் எப்படிப்பட்ட துளி விழுந்தது என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

மாஸ்க்கில்தான் இன்னொரு பொதுவான தப்பு. வில்லை வானத்தில் மட்டும் விட்டு, மலை விளிம்போடு கத்தரித்தாற்போல வெட்டிவிடுவார்கள். வானவில் மலைக்குப் பின்னால் இல்லை, மழை எங்கே விழுகிறதோ அங்கே இருக்கிறது. சாரல் மலைச் சரிவின் முன்புறமும் விழுகிறது என்றால் வில் சரிவின் மேலும் தொடர வேண்டும். இருண்ட பச்சை என்பதால் ஸ்கிரீனில் அங்கே வானத்தைவிட நன்றாகவே எடுபடும். உங்கள் படத்தில் மலை உயரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஓரங்களில் வில் 370 பிக்சல் வரை இறங்கி வருவதால் இரண்டு பக்கமும் மலையோடு கட்டாயம் உரசும் என்றே நினைக்கிறேன். கிட்டத்தில் உள்ள தென்னை, வேலி, வெயில் அடிக்கும் காய்ந்த வயல் ஆகியவற்றின் மேல் மட்டும் மாஸ்க்கில் கறுப்பு அடியுங்கள், அங்கே மழை இல்லை. உள்வெளிச்சத்துக்காக வைத்த சாம்பலும் வயலின் மேல் விழுந்து நிழல்களை வெளுக்கச் செய்யும், அதுவும் இதோடு போய்விடும். அப்புறம் மென்மையான பெரிய பிரஷை எடுத்து, ஃப்ளோ 5 அல்லது 10-இல், மழைத்திரை அடர்ந்த இடத்தில் விட்டுவிட்டு மற்ற இடங்களில் வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மங்க வையுங்கள். மேகத்தில் நீலத் துண்டு தெரியும் இடத்தில் அநேகமாக அழித்தே விடலாம். ஒரே அழுத்தத்தில் முனைக்கு முனை ஓடும் வில் எப்போதாவது நிஜத்திலும் வரும், படத்தில் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது வில் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது 51 டிகிரியில், நிறங்கள் தலைகீழாக, அகலம் கூடுதலாக, வெளிச்சம் பாதிக்கும் குறைவாக வரும். உங்கள் படத்தில் அதன் உச்சி தொடுவானத்துக்கு 1800 பிக்சல் மேலே, சட்டத்துக்கு வெளியே. இடது வலது மேல்மூலைகளில் மட்டும் துண்டாகத் தெரியும். அந்தத் துண்டுகளுக்காக மெனக்கெட வேண்டாம் என்பேன்.

வேலையை முடிக்கும்போது இரண்டு விஷயம். 8 பிட்டுக்கு மாற்றும் முன் வில் லேயரில் ஒரு சதவீத அளவுக்கு நாய்ஸ் சேருங்கள், இல்லாவிட்டால் கருமேகத்தின் மேல் நிறம் படிக்கட்டாக உடையும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மோசம். அச்சுக்குப் போவதென்றால் எல்லா லேயரையும் RGB-இலேயே இணைத்துவிட்டு அதற்குப் பிறகு CMYK-க்கு மாற்றுங்கள், முன்னமே மாற்றினால் ஸ்கிரீன் கணக்கு வேறு சேனல்களில் நடந்து நிறம் புரண்டுவிடும். மாற்றிய பின் ஊதாவும் பச்சையும் செத்துப்போகும், மை அவ்வளவுதான் தாங்கும், அதற்காக மறுபடி ஓபாசிட்டியை ஏற்றாதீர்கள். நிழல் கோடுகள் போட்ட லேயரோடு படத்தை இங்கே போட்டால் X, Y எண்களைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.